அந்த டம்ளரை ஏன் என்னால் வாயில் வைக்க முடியவில்லை?

“மேடம், எனக்கு 56 வயது, மதுரையில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்கு ஒன்பது வருடமாக ஒரு பெண் வேலைக்கு வருகிறாள். பாத்திரம், துணி, வீடு துடைப்பது எல்லாம் அவள்தான். என் அம்மா படுக்கையாகக் கிடந்தபோது பார்த்துக்கொண்டதும் அவள்தான். அவளுக்கென்று தனி டம்ளரும் தட்டும் பின்பக்க ஜன்னலில் இருக்கும். போன மாதம் பெங்களூரிலிருந்து வந்த என் மகள், அம்மாவின் பெயர் வெட்டிய எவர்சில்வர் டம்ளரில் அவளுக்குக் காபி கொடுத்துவிட்டாள். எனக்கு வயிற்றைப் புரட்டியது. மூன்று தடவை தேய்த்துக் கழுவி, கொதிக்கிற தண்ணீரும் ஊற்றினேன். இன்னும் அதை வாயில் வைக்க முடியவில்லை. நாங்கள் சாதி பார்க்கிற குடும்பம் இல்லை, எனக்குச் சுத்தம் முக்கியம், அவ்வளவுதான். அன்றிலிருந்து அவள் செய்வதெல்லாம் தப்பாகவே தெரிகிறது. லேட்டாக வருகிறாள், போன் பேசுகிறாள், அலமாரியில் வைத்த 200 ரூபாயைக் காணோம். இடம் கொடுத்ததால் தலைக்கு மேல் ஏறிவிட்டாள் என்று தோன்றுகிறது. வேலையை விட்டு நிறுத்திவிடலாமா? ‘உன்னை நினைத்தாலே அருவருப்பாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போன மகள் போனை எடுப்பதில்லை. கெட்ட வாடை அடிக்கும் இடத்தில் இருப்பவர்கள் அடுத்தவர் செயலைக் கடுமையாக எடைபோடுவார்கள் என்று ஒரு கட்டுரையை மட்டும் வாட்ஸப்பில் அனுப்பியிருக்கிறாள். குமட்டல் தானாக வருகிறது, நான் என்ன செய்ய? மனசுக்குத் தப்பாகப் படுவது தப்பாகத்தானே இருக்கும்?”

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். குமட்டல் தானாகத்தான் வந்தது, அதை வரவழைத்தீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. அந்த உணர்ச்சிக்காக உங்களை நீங்களே தண்டித்துக்கொள்ளவும் வேண்டாம். ஆனால் உங்கள் கடிதத்தில் குமட்டல் ஒரு டம்ளரோடு நிற்கவில்லை. டம்ளரில் தொடங்கி, “அவள் நேர்மையானவள் இல்லை” என்கிற இடம் வரைக்கும் போயிருக்கிறது. முதலாவது வயிறு சொன்னது. இரண்டாவது ஒரு மனிதரின் குணத்தைப் பற்றிய தீர்ப்பு. இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பதைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டு நிறுத்துவது பற்றி முடிவு செய்யலாம்.

சுத்தம்தான் காரணமா?

அப்படித்தான் என்று வைத்துக்கொண்டே பார்ப்போம். எச்சில் என்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் பொதுவான அருவருப்பு. அண்ணாந்து குடிக்கப் பழகிய தலைமுறை நீங்கள். யார் வாய் வைத்துக் குடித்திருந்தாலும் உங்களுக்கு ஒரு கூச்சம் இருக்கும் என்பதை ஏற்கிறேன். அதற்குக் கழுவுவதுதான் மருந்து. உங்கள் நாத்தனார் அதே டம்ளரில் குடித்திருந்தால் ஒருமுறை தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்திருப்பீர்கள், மறுநாள் காலையில் அதிலேயே காபி ஆற்றியிருப்பீர்கள். ஹோட்டலில் உங்களுக்கு முன் எத்தனை பேர் வாய் வைத்தார்கள் என்று தெரியாத டம்ளரில், டவராவோடு வரும் காபியைக் குடித்துவிட்டுத்தானே வருகிறீர்கள்?

அம்மாவின் ஞாபகமாக இருப்பது என்பதால்தான் இந்த உணர்ச்சியா என்றும் கேட்டுப் பார்க்கலாம். அப்படியானால் நாத்தனார் குடித்தாலும் இதே அளவு வலிக்க வேண்டும். வலிக்காது என்று உங்களுக்குத் தோன்றினால், அந்தக் காரணமும் நிற்காது.

இன்னொன்று. அந்த டம்ளரை ஒன்பது வருடமாகக் கழுவி வைப்பவரும் அவர்தான். உங்கள் அம்மாவின் பெட்பேனை எடுத்ததும், அவருக்குத் தண்ணீர் புகட்டியதும் அந்தக் கைதான். கை பட்டபோது வராத குமட்டல், உதடு பட்டபோது வந்திருக்கிறது. அவர் உங்கள் வீட்டு அழுக்கை எடுக்கும்போது சுத்தமானவராக இருக்கிறார், உங்கள் வீட்டுப் பொருளைச் சமமாக எடுத்துப் பயன்படுத்தும்போது அழுக்காகிவிடுகிறார். கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இது யார் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்கிற ஏற்பாட்டின் கணக்கு.

அருவருப்பை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர், அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ரோசின். 1986இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், செத்த கரப்பான்பூச்சி ஒன்றைக் கிருமி நீக்கம் செய்து, பழச்சாற்றில் ஒரு நொடி முக்கி எடுத்தார்கள். அதில் கிருமி இல்லை என்று எதிரில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சாறு பிடிக்காமல் போனது. அதே ஆய்வில் துணியைப் பற்றியும் கேட்டார்கள். தங்களுக்குப் பிடிக்காத ஒருவர் அணிந்து, பிறகு துவைத்து வைத்த சட்டை என்றால் போட்டுக்கொள்ள மனம் வரவில்லை. வேண்டியவர் அணிந்து துவைத்தது என்றால் அந்தத் தயக்கம் இல்லை. தண்ணீரும் சோப்பும் இரண்டு சட்டைக்கும் ஒன்றுதான்.

படித்த, விவரம் தெரிந்த பெரியவர்கள்தான் இப்படி நடந்துகொண்டார்கள். ஒரு பொருள் இன்னொன்றைத் தொட்டால், தொட்டதன் ‘தன்மை’ ஒட்டிக்கொள்கிறது, பிறகு எதைச் செய்தாலும் போகாது என்று மனம் கணக்குப் போடுகிறது. அழுகிய உணவிலிருந்து நம்மைக் காப்பாற்ற இந்தக் கணக்கு உதவுகிறது. மனிதர்கள் மேல் இதைப் போட ஆரம்பித்தால், கழுவினாலும் போகாத அழுக்கு சில பேரிடம் இருக்கிறது என்று ஆகிவிடும். நம் ஊரில் தீட்டு என்று ஒரு பெரிய அமைப்பே அப்படித்தான் கட்டப்பட்டது.

இங்கேதான் உங்களை மெதுவாக மறுக்க வேண்டியிருக்கிறது. சாதி பார்க்கிறோம் என்று நினைத்துக்கொண்டு நீங்கள் அந்த டம்ளரை ஜன்னலில் வைக்கவில்லை, அது எனக்குப் புரிகிறது. ஆனால் தனி டம்ளர் என்கிற பழக்கம் உங்களைவிட வயதில் மூத்தது. தவழும் குழந்தை கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும். எதைக் கண்டு முகம் சுளிக்க வேண்டும் என்பதைப் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துத்தான் வருடக்கணக்கில் கற்றுக்கொள்கிறது. நீங்களும் யாரோ ஒரு பாட்டியின் முகத்தைப் பார்த்துத்தான் கற்றிருப்பீர்கள். யாரும் காரணம் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இன்று காரணம் தேடும்போது, கைக்கு எட்டிய முதல் மரியாதையான காரணமாகச் ‘சுத்தம்’ வந்து நிற்கிறது.

ஒரு வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். சுத்தம் பற்றிய எண்ணங்களே நோயாக ஆகிற ஓசிடி என்ற பிரச்சினை உண்டு. அதில் கதவுக் கைப்பிடி, ரூபாய் நோட்டு, சொந்தப் பிள்ளையின் கை என்று எல்லா இடத்திலும் அழுக்கு தெரியும். தினமும் மணிக்கணக்கில் கழுவுவார்கள், வேண்டாம் என்று தெரிந்தும் நிறுத்த முடியாமல் தவிப்பார்கள். உங்களுக்கு அப்படி இருந்தால் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். உங்கள் கடிதத்தில் அதற்கான அறிகுறி இல்லை. அருவருப்பு ஒரே ஒருவரை மட்டும் தேர்ந்தெடுத்திருக்கிறது.

காபிக்குப் பிறகு வந்த குற்றங்கள்

இப்போது தாமதம், போன், 200 ரூபாய். 1993இல் ஜோனதன் ஹைட் என்ற உளவியலாளரும் பிரேசில் நாட்டு ஆய்வாளர்களும் பலரிடம் ஒரு கதையைச் சொன்னார்கள். ஒரு குடும்பத்தின் வளர்ப்பு நாய் வாசலில் கார் அடித்துச் செத்துப்போகிறது. அவர்கள் அதைச் சமைத்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். யாரும் பார்க்கவில்லை. இது தப்பா? தப்பு என்று சொன்னவர்களில் சிலர் காரணம் தேடினார்கள். நோய் வருமே என்றார்கள், பின்னால் வருத்தப்படுவார்களே என்றார்கள். தீர்ப்பு முதலில் வந்துவிட்டது, பாதிப்பு பிறகு தேடி எடுக்கப்பட்டது. இதே மாதிரிக் கதைகளை வைத்துப் பின்னால் நடந்த பேட்டிகளில், சொன்ன காரணம் பொருந்தாது என்று காட்டிய பிறகும் சிலர் “விளக்கத் தெரியவில்லை, ஆனால் தப்பு” என்றே நின்றார்கள்.

கோபமும் அருவருப்பும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. ஏன் கோபம் என்று கேட்டால் மனிதர்கள் கதை சொல்வார்கள்: இவர் இதைச் செய்தார், இன்னாருக்கு இந்த நஷ்டம், வேண்டுமென்றே செய்தார். அவர் தெரியாமல் செய்தார் என்று தெரியவந்தால் கோபம் இறங்கும். ஏன் அருவருப்பு என்று கேட்டால் பெரும்பாலும் “அருவருப்பாக இருக்கிறது, அதான்” என்பதோடு முடிந்துவிடும். சூழ்நிலையைச் சொன்னாலும் அது அவ்வளவாக அசையாது. ரஸ்ஸல், ஜினர்-சொரொல்லா என்ற இரண்டு உளவியலாளர்கள் இந்த வேறுபாட்டைப் பல ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டு நிகழ்ச்சியை இதில் வைத்துப் பாருங்கள். அந்த டம்ளரை அவர் எடுக்கவில்லை, உங்கள் மகள் ஊற்றிக் கொடுத்தார். வாங்க மறுத்திருந்தால் அதுவே அவமரியாதையாகப் போயிருக்கும். உங்களுக்கு வந்தது கோபம் என்றால் மகள் மேல்தான் போயிருக்க வேண்டும். கொடுத்தவரை விட்டுவிட்டு வாங்கியவர் மேல் போயிருப்பதால், அது கோபம் இல்லை என்று நினைக்கிறேன். அருவருப்புக்கு யார் செய்தார் என்பது முக்கியமில்லை, யார் தொட்டார் என்பதுதான் முக்கியம். தொட்டவர் மேல் ஏற்கனவே ஒரு தீர்ப்பு விழுந்துவிட்டதால், அதற்கு ஆதாரம் சேர்க்கும் வேலை மட்டும்தான் உங்களுக்கு மிஞ்சியிருக்கிறது.

ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் மேல் உள்ள ஒவ்வொரு குறையையும் எழுதி, பக்கத்தில் இரண்டு பதில்களை எழுதுங்கள். இதை முதன்முதலில் எப்போது கவனித்தேன்? இதையே என் கார் டிரைவரோ சமையல்காரரோ செய்திருந்தால் என்ன செய்திருப்பேன்?

தாமதம்: அவர் எந்த நேரத்துக்கு வருவதாகப் பேச்சு, இப்போது எத்தனை மணிக்கு வருகிறார்? ஒன்பது வருடமும் இதே நேரம்தான் என்றால் மாறியது அவர் இல்லை. போன மாதத்திலிருந்துதான் தாமதம் என்றால், அவருக்கும் அன்றைக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கலாம். நீங்கள் டம்ளரைத் திரும்பத் திரும்பத் தேய்த்ததை அவர் பார்க்காமல் இருந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? போன் பேச்சு சாதாரணக் குறை. பேசித் தீர்த்துக்கொள்ளலாம், தீராவிட்டால் அதற்கென்று ஒரு முடிவும் எடுக்கலாம்.

200 ரூபாய் வேறு விஷயம். கடைசியாக அந்தப் பணத்தை எப்போது பார்த்தீர்கள்? பால்காரர், கேஸ் கொண்டுவருபவர், இஸ்திரிக்காரர் யாருக்காவது கொடுத்தீர்களா? அலமாரியை வேறு யார் திறந்தார்கள்? காபிக்கு முன்னால் இதே 200 ரூபாய் காணாமல் போயிருந்தால் முதலில் யாரைக் கேட்டிருப்பீர்கள்? இவற்றுக்குப் பதில் இல்லாமல் திருட்டு என்ற சொல்லை வாயிலிருந்து விடாதீர்கள். வீட்டு வேலைக்குப் போகிற ஒருவருக்கு அந்தத் தெருவிலேயே வேறு வேலை கிடைக்காமல் போக அந்த ஒரு சொல் போதும். போலீஸ் வரை போவதாக நினைத்தால் இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவராக இருந்து, அந்தப் பிரிவுகளைச் சேராத ஒருவர் அவர்மேல் பொய்த் தகவல் கொடுத்து அதிகாரிகள் மூலம் அவருக்குத் தொல்லை உண்டாக்கினால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அதுவே குற்றம்.

தனி டம்ளர் சட்டப்படி குற்றமா என்று யாராவது உங்களிடம் கேட்டிருக்கலாம். அரசியல் சாசனத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை எந்த வடிவிலும் ஒழித்துவிட்டது. டீக்கடையில், ஹோட்டலில் பொதுவாக வைத்திருக்கும் பாத்திரத்தைத் தீண்டாமையின் பேரில் மறுப்பது 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. வீட்டுச் சமையலறைக்கு அது எப்படிப் பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். டீக்கடையில் குற்றம் என்று நாடே ஒப்புக்கொண்ட பழக்கத்துக்கு உங்கள் பின்பக்க ஜன்னலில் இடம் இருக்க வேண்டுமா என்பதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

மகள் அனுப்பிய கட்டுரை

அந்தக் கட்டுரையை வைத்து உங்களை நீங்களே எடைபோட வேண்டாம். 2008இல் சிமோனே ஷ்னால் என்பவரும் சக ஆய்வாளர்களும் துர்நாற்ற ஸ்ப்ரே, அழுக்கு மேசை போன்றவற்றைப் பயன்படுத்தி அப்படி ஒரு முடிவை வெளியிட்டார்கள். தங்கள் உடலில் ஏற்படும் உணர்வுகளை அதிகம் கவனிக்கிறவர்களிடம்தான் அந்த விளைவு தெரிந்ததாக அவர்களே சொன்னார்கள். 2015இல் லாண்டி, குட்வின் என்ற இருவர் இப்படிப்பட்ட ஆய்வுகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். விளைவு மிகச் சிறியது. சாதகமான முடிவுகள் மட்டுமே அதிகமாக அச்சேறுகின்றன என்பதையும் கணக்கில் எடுத்தால், ஒன்றுமே இல்லாமல்கூடப் போகலாம் என்றார்கள். சாக்கடை நாற்றம் அடித்ததால் யாரும் பக்கத்து வீட்டுக்காரரைத் திருடன் என்று நினைத்துவிடுவதில்லை.

உங்களுடையது வேறு வகை. இங்கே அருவருப்பு வெளியே எங்கிருந்தோ வந்து கலக்கவில்லை, நீங்கள் தீர்ப்புச் சொல்லும் அதே மனிதர் மேல்தான் இருக்கிறது. அருவருப்பு அதிகம் உள்ளவர்கள், யாருக்கும் தீங்கில்லாத ஆனால் பழக்கத்தை மீறிய செயல்களைக் கடுமையாகப் பார்க்கிறார்கள் என்பதற்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது. எனவே கட்டுரை தவறானாலும், மகளின் சந்தேகம் முழுக்கத் தவறில்லை.

ஆனால் அவரிடமும் எனக்கு ஒரு கேள்வி உண்டு. “உன்னைப் பார்த்தால் கோபம் வருகிறது, அந்தத் தனி டம்ளரை எடு” என்று அவர் சொல்லவில்லை. அருவருப்பாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார், போனையும் எடுப்பதில்லை. கோபம் எதிராளி மாற வேண்டும் என்று கேட்கும், சண்டைக்கு உட்காரும். அருவருப்பு முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகும். உங்களுக்கு அந்தப் பெண்மணி மேல் வந்த அதே உணர்ச்சியைத்தான் அவர் உங்கள் மேல் திருப்பியிருக்கிறார், சரியான காரணத்துக்காக என்றாலும். அந்தப் பெண்மணி அந்த டம்ளரில் குடிக்க விரும்பினாரா என்றும் அவர் கேட்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். ஒரு வேளை அவருக்கு அது பெரிய சங்கடமாகவே இருந்திருக்கலாம்.

இனி என்ன செய்யலாம்

பின்பக்க ஜன்னலில் இருக்கும் டம்ளரையும் தட்டையும் இன்றே எடுத்துவிடலாம். உணர்ச்சி மாறட்டும், பிறகு பழக்கத்தை மாற்றுகிறேன் என்று காத்திருக்க வேண்டாம். பயம் குறைகிற வேகத்தில் அருவருப்பு குறையாது, சிகிச்சை அறையில் நாங்கள் அடிக்கடி பார்ப்பது இது. வீட்டில் எல்லோரும் குடிக்கும் டம்ளர்களில் ஒன்றில் அவருக்குக் காபி கொடுங்கள். விளக்கம் எதுவும் வேண்டாம். தனக்கென்று ஒரு டம்ளர் போதும் என்று அவரே சொன்னால் அவர் விருப்பம், ஆனால் அது மற்றவற்றோடு அதே ஸ்டாண்டில் இருக்கட்டும்.

அம்மா பெயர் வெட்டிய டம்ளரோடு உங்கள் பயிற்சி தனியாக நடக்கட்டும். வழக்கமாகக் கழுவுவதுபோல் ஒரே ஒரு முறை கழுவுங்கள். முதலில் கையில் வைத்திருங்கள், குமட்டலுக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று குறித்துக்கொள்ளுங்கள். அது கொஞ்சம் இறங்கும் வரை கீழே வைக்காதீர்கள். சில நாள் கழித்து அதில் ஒரு வாய் தண்ணீர், அப்புறம் காபி. நடுவில் மறுபடி கழுவினால் பயிற்சி கெட்டுவிடும், ஏனென்றால் கழுவியதால்தான் தப்பித்தோம் என்று மனம் எடுத்துக்கொள்ளும். தினமும் கொஞ்சம் செய்தால் வாரக்கணக்கில் குறையும். முழுக்கப் போகாமல் ஒரு துளி மிஞ்சலாம், அதைத் தோல்வியாக நினைக்காதீர்கள். இந்தப் பயிற்சியில் அந்தப் பெண்மணியை மட்டும் இழுக்காதீர்கள். அவரைக் கூப்பிட்டு அந்த டம்ளரில் குடிக்கச் சொல்லி உங்களைச் சோதித்துப் பார்ப்பது, அவரை இன்னொரு விதத்தில் பொருளாக்குவது.

வேலையை விட்டு நிறுத்தும் முடிவை இப்போது எடுக்க வேண்டாம். தாளில் எழுதிய குறைகளில் எது நிற்கிறது என்று ஒரு மாதம் கழித்துப் பாருங்கள். தாமதம் உண்மையிலேயே புதிதாக வந்தது என்றால் அவரை உட்காரவைத்துக் கேளுங்கள், அவருக்கும் சொல்ல ஏதாவது இருக்கும். அதன் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் முன்கூட்டியே சொல்லி, பாக்கி இல்லாமல் கணக்கு முடித்து, அடுத்த வீட்டில் கேட்டால் நல்லபடியாகச் சொல்லி அனுப்புங்கள்.

மகள் போனை எடுக்கவில்லை என்றால் ஒரு செய்தி அனுப்புங்கள். “ஜன்னலில் இருந்த டம்ளரை எடுத்துவிட்டேன், எனக்கு இன்னும் ஒரு மாதிரி இருக்கிறது, உன்னோடு பேச வேண்டும்” என்று எழுதினால் போதும். சாதி பார்ப்பதில்லை என்பதை அவரிடம் மறுபடி வாதாட வேண்டாம், அந்த வாதத்தில்தான் இரண்டு பேரும் போன தடவை மாட்டிக்கொண்டீர்கள்.